கிண்டாதே மாமி: கேலிப் பாட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற பாட்டு எது?

கேள்வி: "சின்ன வயசுல ஒரு மேடை நாடகத்துல கேட்ட கேலிப் பாட்டு சார். 'கிண்டாதே மாமி கிண்டாதே'ன்னு ஆரம்பிக்கும். நடுவுல 'அரிசி இருக்கு அளந்துவிடாதே'ன்னு ஒரு வரி. மத்ததெல்லாம் மறந்துபோச்சு. 'தூங்காதே தம்பி' பாட்டைத்தான் மாத்திப் பாடினாங்கன்னு அப்பா சொல்றாரு. எனக்கு அப்படித் தோணல. எது சரி?"

நீங்கதான் சரி. அது 'திருடாதே பாப்பா திருடாதே'. ஆனா அப்பாவைக் குத்தம் சொல்ல முடியாது, இந்த ரெண்டு பாட்டும் அப்படி ஒட்டிப் பொறந்தது. ரெண்டையும் எழுதினவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு, பாடினவர் டி.எம்.எஸ்., படத்துல எம்.ஜி.ஆர். ஒண்ணு 1958-ல வந்த நாடோடி மன்னன், இன்னொண்ணு 1961-ல வந்த திருடாதே. அந்தப் படம் வர்றப்ப பட்டுக்கோட்டையார் உயிரோட இல்ல, 1959-லயே போயிட்டாரு. அதனால வருஷத்தை வச்சு "அது அவர் பாட்டா இருக்காது"ன்னு தள்ளிட வேண்டாம்.

நம்ம பழைய நேயர்களுக்கு இது தெரியும், நான் சொல்லிச் சொல்லித் தேஞ்ச விஷயம்: கேலிப் பாட்டுல உங்களுக்குப் பளிச்சுன்னு ஞாபகம் இருக்கிற வார்த்தைதான் எதுக்கும் உதவாத வார்த்தை. மாமி, கிண்டுறது, அரிசி. சிரிப்பு வந்ததே அதுலதான், அதனாலதான் மனசுல நிக்குது. ஆனா அதெல்லாம் புதுசா சொருகினது. மூலப் பாட்டு இருக்கிறது சிரிப்பே வராத எடத்துல. 'இருக்கு', 'விடாதே', அங்க பாருங்க.

சரி, முதல் வரியை எடுத்துக்குவோம். 'கிண்டாதே'ங்கிறது 'தூங்காதே' மாதிரியே மூணு தட்டு, கிண்-டா-தே, தூங்-கா-தே. அப்பா இதுலதான் ஏமாந்துட்டாரு. 'திருடாதே'யையும் தாளம் போட்டுச் சொல்லிப் பாருங்க. திரு-டா-தே. 'திரு'ங்கிற ரெண்டு குறில், 'தூங்'குங்கிற ஒரு நெடில் புடிக்கிற அதே நேரத்துல உக்காந்துடும். அப்ப முதல் வரியை வச்சு எந்தப் பாட்டுன்னு சொல்லவே முடியாது. மாமியும் உதவ மாட்டா. தம்பி, பாப்பா, மாமி எல்லாமே ரெண்டு தட்டுதான்.

தீர்ப்பு ரெண்டாவது வரியில. 'அரிசி இருக்கு அளந்துவிடாதே'யில வார்த்தையை எடுத்துட்டு தத்தகாரம் போடுங்க: தனன தனத்த தனந்ததனானே. இப்ப 'திறமை இருக்கு மறந்துவிடாதே'ன்னு போடுங்க. தனன தனத்த தனந்ததனானே. ஒரு எழுத்து பிசகல! 'இருக்கு' அப்படியே நிக்குது, 'விடாதே' அப்படியே நிக்குது. திறமை போயி அரிசி வந்திருக்கு, மறந்து போயி அளந்து வந்திருக்கு, அவ்வளவுதான். இந்த வரிக்கு முன்னாடி 'வறுமை' வரியும் அதே 'விடாதே'யில முடியும். அதனால நாடகத்துலயும் 'விடாதே'ன்னு முடியுற இன்னொரு வரி இருந்திருக்கணும். யோசிச்சுப் பாருங்க, அடுப்போ பருப்போ ஏதாவது வரும்.

அப்பா சொல்ற பாட்டா இருந்தா எப்படி இருக்கணும்? அதுல முதல் வரி முடிஞ்சதும் 'நீயும்'னு ஒரு சின்னத் தூக்கல், அப்புறம் ஒரே நீள வரி, முடிவு 'வாங்காதே'. தூங்காதேக்கு வாங்காதே. கேலி எழுதினவர் அதை எடுத்திருந்தா கிண்டாதேக்கு ஜோடியா 'தோண்டாதே', 'தீண்டாதே'ன்னு ஒண்ணைத் தேடிக் கொண்டுவந்து முடிச்சிருப்பாரு. 'அளந்துவிடாதே'ன்னு அங்க முடிக்க எடமே கிடையாது.

தேடுறப்ப இன்னொரு வம்பு. 'தூங்காதே தம்பி தூங்காதே'ன்னு போட்டா 1983-ல வந்த கமல்ஹாசன் படம்தான் வந்து குதிக்கும், படத்துக்கே அதான் பேரு. பழைய பாட்டு வேணும்னா 'சோம்பேறி'ங்கிற சொல்லையோ 'நாடோடி மன்னன்'ங்கிறதையோ சேர்த்துப் போடுங்க.

நீங்க கேக்காத ஒண்ணு, ஆனா கேட்டிருக்கணும்னு ஆசைப்பட்டது: மேடைக்காரங்களுக்கு ஏன் இந்த 'ஆதே' பாட்டு மேல அவ்வளவு கண்ணு? புத்தி சொல்ற பாட்டுல வினைச்சொல்லை மட்டும் மாத்தினாப் போதும், 'ஆதே' கூடவே வந்துடும், எதுகைக்கு அலைய வேண்டாம். திருடாதேயில இன்னும் சுலபம். 'விடாதே' ரெண்டு வரிக்கும் பொது, அதனால ஜோடி தேடுற வேலையே இல்ல. தூங்காதேயில 'ங்காதே'க்கு ஜோடி தேடணும். 'நீங்காதே', 'ஏங்காதே', 'தாங்காதே', அப்புறம் பை காலி. சமையக்கட்டுக்கு அதுல எதுவும் ஒத்துவராது.

அப்பாகிட்ட 'நீயும்' வந்துச்சான்னு மட்டும் கேளுங்க. வந்துச்சுன்னு அடிச்சுச் சொன்னாருன்னா, நீங்க ரெண்டு பேரும் ரெண்டு வேற நாடகத்தைப் பாத்திருக்கீங்க.