18 வயதோடு முடிகிறதா அப்பாவின் கடமை?

"பதினெட்டு வயசுல ஓட்டுப் போடத் தெரியுது, ஸ்கூட்டர் ஓட்டத் தெரியுது, ஃபீஸ் கட்டுறதுக்கு மட்டும் அப்பா வேணுமா?" என்று எதிரணித் தம்பி கேட்டார். கைதட்டல் அடங்கவே ஒரு நிமிடம் ஆனது.

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். நேரே தம்பியிடம் வருகிறேன்.

தம்பி, ஓட்டுப் போடக் கட்டணம் இல்லை, கல்லூரிக்கு உண்டு. 18 முடிகிற அன்றைக்கு உங்கள் வீட்டுப் பெண் எங்கே நிற்பாள்? ப்ளஸ் டூ முடித்து, கல்லூரி விண்ணப்பத்தோடு நிற்பாள். பெரிய செலவு தொடங்குவதே அங்கேதான். அந்த இடம் பார்த்து அப்பா கையை உதறலாம் என்கிறீர்களே!

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். "18 முடிஞ்சா ஜீவனாம்சம் நின்னுடும்" என்று தம்பி சொன்னது பாதி சரி. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவு, இரண்டும் அப்படித்தான். வயது வந்த பிள்ளைக்கு உடலிலோ மனதிலோ குறை இருந்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாவிட்டால்தான் அங்கே பணம். தம்பி அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார். மூடாமல் இருந்திருந்தால் 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் கண்ணில் பட்டிருக்கும். மணமாகாத மகளைக் காப்பாற்றும் கடமையை அதன் 20(3) பிரிவு சொல்கிறது. வயது வரம்பு அதில் இல்லை. ஜீவனாம்சம் என்றால் சோறும் துணியும் மட்டுமல்ல, படிப்பும் மருத்துவமும் சேர்ந்தது, மணமாகாத மகளுக்குத் திருமணத்தையொட்டிய நியாயமான செலவும் சேர்ந்தது என்று 3ஆம் பிரிவு எழுதியே வைத்திருக்கிறது.

இந்த இரண்டு சட்டத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். நிஜமாக நடந்தது. ஹரியானாவில் ரேவாரி என்றொரு ஊர். 2002இல் ஒரு தாய் தனக்கும் பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சம் கேட்டு, 125ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகிறார். மகள் மைனர். 2005இல் மகளுக்கு 18 முடிகிறது. தீர்ப்பு வந்ததா? வரவில்லை. 2011இல்தான் வருகிறது: மகளுக்கு மட்டும், அதுவும் மேஜராகும் வரைக்கும். அவள் மேஜராகி ஆறு வருடம் ஆகிவிட்டது ஐயா! செஷன்ஸ் கோர்ட், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறினாள். 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: மணமாகும் வரை ஜீவனாம்சம் கேட்க உனக்கு உரிமை உண்டம்மா, ஆனால் அதை இந்தப் பிரிவில் கேட்க முடியாது, 20(3)இல் கேள். மைனராக வாசல் ஏறியவளுக்கு 18 வருடம் கழித்து வந்த பதில் இது! அவளிடம் போய் "ஓட்டுப் போடத் தெரியுதே" என்று கேட்பீர்களா தம்பி? அந்த 18 வருடத்தில் எத்தனை தேர்தல் வந்து போயிருக்கும்!

அந்தத் தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. குடும்ப நல நீதிமன்றம் இருக்கும் ஊரில், 20(3) கோரிக்கையை அந்த நீதிமன்றமே விசாரிக்கலாம். மகளுக்கு 18 நெருங்குகிற தாய்மார்கள் யாராவது இங்கே இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய உத்தரவு தானாக நீளும் என்று காத்திருக்காதீர்கள்.

அடுத்து எதிரணி வக்கீல் ஐயா. விஷயம் தெரிந்தவர். "20(3)லயே பிரேக் இருக்கு. தன் வருமானத்தாலோ சொத்தாலோ காப்பாற்றிக்கொள்ள முடியாத அளவுக்குத்தான் கடமை" என்றார். முழுக்கச் சரி. அந்த அளவு எப்படி வருகிறது என்று, எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கணக்கைச் சொல்கிறேன்.

எம்.எஸ்சி. படிக்கிறாள். ஃபீஸும் ஹாஸ்டலும் வருடம் 96,000 ரூபாய், அதாவது மாதம் 8,000. கைச்செலவு, பஸ், மருந்து 5,000. ஆக 13,000. மாலையில் டியூஷன் எடுத்து 4,000 சம்பாதிக்கிறாள். "டியூஷனை எழுத வேண்டாமே" என்று உறவுக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். அவளுடைய வக்கீல் விடவில்லை. வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் இரண்டு தரப்பும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பேங்க் ஸ்டேட்மென்டில் மாதாமாதம் ஜிபே வரவு நிற்கும்போது மறைத்தால், மற்றதையும் யாரும் நம்ப மாட்டார்கள். எழுதினாள். பற்றாக்குறை 9,000.

அப்பாவும் எழுதினார். சம்பளம் 62,000, அதில் 20,000 கார் கடன் தவணை. கார் தவணையைக் காட்டி மகளின் ஃபீஸைக் குறைக்கப் பார்த்தால் எந்த நீதிபதி ஏற்பார்? ஆனால் அவரை நம்பி வேறு ஆட்களும் இருந்தார்கள். அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். அம்மாவும் சம்பாதிக்கிறார், இந்தச் சட்டக் கடமை அவருக்கும் உண்டு. கடைசியில் சமரசத்தில் மாதம் 6,500 என்று முடிந்தது. வேலை கிடைத்தால் தொகையை மாற்றிக்கொள்ளவும் சட்டத்தில் வழி உண்டு. அப்பா பாக்கெட்டைக் காலி செய்தார்களா ஐயா? விழுந்த இடைவெளியைத்தானே நிரப்பினார்கள்!

"கல்யாணச் செலவு வரதட்சணைக்கு வழி" என்றும் சொன்னார்கள். நியாயமான செலவு என்றுதான் சட்டம் சொல்கிறது. வரதட்சணை 1961 முதல் குற்றம். அவ்வளவுதான்.

எதிரணி அம்மா ஒருவர் கண் கலங்கினார். "நகையை அடகு வெச்சு என் பொண்ணைப் படிக்க வெச்சேன். எந்தக் கோர்ட் என்கிட்ட சொல்லுச்சு?" என்றார். அம்மா, உங்களுக்குக் கோர்ட் சொல்ல வேண்டியதில்லை. உங்களைப் போல ஒருவர் வாய்க்காத பெண்ணுக்காகத்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வக்கீல் ஐயா இன்னொன்றும் கேட்டார்: "அப்பாவோட பேசவே மாட்டேங்கற மகளுக்கும் கட்டணுமா?" பிரிவில் இதற்கு நேர்ப் பதில் இல்லை, கோர்ட்டுகளில் இன்னும் வாதாடுவார்கள். ஆனால் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கைக் கேளுங்கள். கணவனும் மனைவியும் 26 வருடமாகப் பிரிந்து வாழ்கிறவர்கள். மகள் அயர்லாந்தில் படிக்கிறாள். அப்பா அவள் படிப்புக்கு 43 லட்சம் அனுப்பினார். மகள் வேண்டாம் என்றாள். தன்மானம். திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். அப்பா வாங்க மறுத்தார்! வாங்க மறுத்தார் ஐயா! கோர்ட் என்ன சொன்னது? பெற்றோரிடமிருந்து படிப்புச் செலவைப் பெறுவது மகளின் பறிக்க முடியாத உரிமை, அவள் திருப்பித் தர வேண்டியதில்லை என்றது.

26 வருடம் ஒரு வீட்டில் சேர்ந்து உண்ணாத மனிதர் அவர். அந்தப் பெண் தன் முகம் பார்த்துப் பேசுவாளா என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் அவள் படிக்க வேண்டும் என்று நினைத்தார் பாருங்கள், அவருக்காக ஒருமுறை கைதட்டுங்கள்!

இந்த அரங்கில் இருக்கும் அப்பாக்களே, உங்கள் மகள் கோர்ட் படி ஏறி, ஹாஸ்டல் ரசீதைக் காட்டி, நான் இவர் பிள்ளை என்று நிரூபிக்கும் நிலை வர விடுவீர்களா? சட்டம் வந்து சொல்லும் முன்னே நீங்கள் கட்டிவிடுவீர்கள், எனக்குத் தெரியும். கட்டாதவர் வீட்டுப் பெண்ணுக்கும் அந்த ஃபீஸ் போய்ச் சேர வேண்டும் என்று கேட்கிறேன். நடுவர் அவர்களே, அவள் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.