எந்த வரியில் கை நின்றது?

(கல்லூரி வேதியியல் மன்றக் கூட்டத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

டிசம்பர் பிறந்தால் போதும், என் கைபேசிக்கு ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கிவிடும். "சார், கோடைக்காலப் பயிற்சிக்காக ஒரு பேராசிரியருக்கு மெயில் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்." கீழே ஒரு கோப்பு இணைந்திருக்கும். இன்று நான் பேசப்போவது அந்தப் பேராசிரியருக்குப் போகும் மெயிலைப் பற்றி இல்லை. அதற்கு முன்னால் என்னைப் போன்ற ஒருவருக்கு அனுப்புகிறீர்களே, அந்த ஒன்றரை வரிச் செய்தியைப் பற்றி.

என் குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்படி வரும் செய்திகளுக்கு நான் பெரும்பாலும் எழுதும் பதில், "நன்றாக இருக்கிறது, அனுப்பு." அது பொய் என்று சொல்லமாட்டேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சின்னத் திரையில் கோப்பைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தால், எழுத்துப் பிழை மட்டும்தான் கண்ணில் படும். எதைத் தேட வேண்டும் என்று தெரியாதவன் கையில் கிடைப்பதைத்தான் பொறுக்குவான். நான் காற்புள்ளியைப் பொறுக்குவேன்.

ஒரு மாணவியின் கதையைச் சொல்கிறேன். தருமபுரிப் பக்கத்து ஊர். அந்த மாவட்டத்துக் கிணற்று நீரில் ஃபுளூரைடு அதிகம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அங்குள்ள கடினப் பாறைகளின் கனிமங்களிலிருந்து அது கரைந்து வருகிறது. பற்களில் பழுப்புக் கறை விழும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பையும் பாதிக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. அந்த மாணவி தன் ஊரைச் சுற்றிய ஆழ்குழாய்க் கிணறுகளில் 38 மாதிரிகள் எடுத்து, நம் கல்லூரி ஆய்வகத்திலேயே ஃபுளூரைடு அளந்திருந்தார். அதை வைத்து, நிலத்தடி நீரில் ஆய்வு செய்யும் ஒரு பேராசிரியரிடம் இரண்டு மாதப் பயிற்சி கேட்க நினைத்தார்.

அதற்கு முன்பே வேறொரு பேராசிரியருக்கு அவர் எழுதியிருந்தார். அந்த மெயிலையும் நான் பார்த்தேன், "நன்றாக இருக்கிறது" என்று சொன்னேன். பதில் வரவில்லை. மெயிலால்தான் வரவில்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் நான் பார்த்ததால் அந்த மெயிலுக்கு ஒரு பயனும் விளையவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இரண்டாவது மெயிலும் அதே "பார்த்துச் சொல்லுங்கள்" என்ற வரியோடு வந்தது. அன்று ஏதோ மனசாட்சி உறுத்தியதால் தொலைபேசியில் அழைத்தேன். "இதை எழுதும்போது எந்த வரியில் உன் கை நின்றது?" என்று கேட்டேன். "எதிலும் இல்லை சார், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்றார். நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பதினொன்று சார்…" என்று இழுத்தார்.

"38 மாதிரிகளில் 11 மாதிரிகள் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல்" என்று மெயிலில் ஒரு வரி. நம் நாட்டுக் குடிநீர்த் தர அளவு 1.0, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதையும் தாண்டிய கிணறுகள் 11 என்பதுதான் மெயிலின் உயிர்நாடி. மற்றதெல்லாம் பெயர், படிப்பு, வணக்கம், நன்றி.

அந்த எண்ணில் என்ன தயக்கம்? அவர் அளந்தது ஸ்பாட்ன்ஸ் முறையில். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சிர்கோனியமும் ஒரு சாயமும் சேர்ந்த சிவப்புக் கரைசலை நீரில் கலப்போம். நீரில் ஃபுளூரைடு இருந்தால் அது சிர்கோனியத்தைப் பிடித்துக்கொள்ளும், நிறம் வெளுக்கும். எவ்வளவு வெளுத்தது என்பதை 570 நானோமீட்டர் ஒளியில் அளப்போம். ஆனால் இந்த முறை ஏறத்தாழ 1.4 மில்லிகிராம் வரைதான் நம்பகமானது. அதற்கு மேல் வெளுக்க நிறம் போதாமல் போகிறது. நேர்கோடு வளையத் தொடங்குகிறது. எனவே அதிகமுள்ள நீரை, ஃபுளூரைடு இல்லாத வாலைவடிநீர் சேர்த்து நீர்த்துத்தான் அளக்க வேண்டும். ஏழு மாதிரிகளை அவர் அப்படித்தான் செய்திருந்தார். மீதி நான்கில் கருவி 1.53, 1.58, 1.62, 1.70 என்று காட்டியது. எல்லையை ஒட்டித்தானே இருக்கிறது என்று அப்படியே எழுதிக்கொண்டார்.

ஆக, அவரிடம் ஒரு சந்தேகம் முழுமையாக இருந்தது. மெயிலில் எந்த வரி, அதில் எந்தச் சொல், ஏன் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் கேட்டது மட்டும் "பார்த்துச் சொல்லுங்கள்." நான் அந்த மெயிலை நூறு முறை படித்திருந்தாலும் அந்தப் பதினொன்றில் ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்க முடியாது. ஓட்டை மெயிலில் இல்லை, அவருடைய ஆய்வகக் குறிப்பேட்டில் இருந்தது.

"இதையே எழுதி அனுப்பு" என்றேன். அரைமணி நேரத்தில் வந்த செய்தி இது. அவர் அனுமதியோடு படிக்கிறேன்:

"சார், நிலத்தடி நீர் ஆய்வு செய்யும் பேராசிரியரிடம் மே, ஜூன் மாதங்களுக்குப் பயிற்சி கேட்டு எழுதும் மெயில் கீழே இருக்கிறது. ஒரே சந்தேகம், இரண்டாம் பத்தியின் முதல் வரியில். 11 என்று எழுதியிருக்கிறேன். அதில் 4 மாதிரிகளை நீர்க்காமல், 1.4க்கு மேல் நேரடியாக அளந்தேன். 11 என்றே விடலாமா, 7 என்று மாற்றலாமா, எண்ணே இல்லாமல் 'பல மாதிரிகள்' என்று எழுதலாமா? 11 என்று விடத்தான் எனக்கு ஆசை. 7 என்றால் சிறிதாகத் தெரிகிறது. வியாழக்கிழமை மாலை அனுப்ப நினைக்கிறேன். ஒரு எண்ணைப் பதிலாக அனுப்பினால் போதும்."

கீழே மெயில், கோப்பாக இல்லாமல் செய்தியிலேயே ஒட்டப்பட்டிருந்தது. சந்தேகமுள்ள வரியின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி.

இந்தச் செய்தியில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி எது தெரியுமா? "11 என்று விடத்தான் எனக்கு ஆசை." பலர் தங்கள் சாய்வை மறைத்துவிட்டு, நடுநிலையாகக் கேட்பதுதான் மரியாதை என்று நினைக்கிறார்கள். மறைத்தால் நான் பொதுவாக ஏதோ சொல்வேன். சொன்னதால் அவருடைய எண்ணம் எங்கே வழுக்குகிறது என்று எனக்குப் புரிந்தது. எண் பெரிதாக இருந்தால் மெயில் வலுவாக இருக்கும் என்று அவர் நம்பினார். படிக்கப்போகிறவரோ தண்ணீரில் ஃபுளூரைடு அளப்பதையே தொழிலாகக் கொண்டவர். அவர் முதலில் கேட்கப்போவது "எந்த முறையில் அளந்தாய்?" என்பதைத்தான்.

பதில் சொல்ல எனக்கு மூன்று நிமிடம் ஆனது. "மூன்றுமே வேண்டாம். அந்த நான்கையும் மறுபடி அளந்துவிடு, மாதிரி மிச்சம் இருக்கிறதல்லவா? 25 மில்லிலிட்டரை 50 ஆக்கு, போதும். ஐந்து மடங்கு நீர்க்காதே. கருவியில் வரும் சிறு பிழையும் ஐந்தால் பெருகும். அளக்க முடியாமல் போனால் 7 என்று எழுது."

புதன்கிழமை அளந்தார். 1.62 காட்டிய மாதிரி, பாதியாக நீர்த்தபோது 0.95 காட்டியது, இரண்டால் பெருக்கினால் 1.90. இன்னும் இரண்டும் அதேபோல் கூடின. கோடு வளையும் இடத்தில் கருவி குறைத்துக் காட்டியிருந்தது என்று பொருள். ஆனால் 1.53 காட்டியது 0.70தான் தந்தது. அதாவது 1.40, 1.5 என்ற எல்லைக்குக் கீழே. ஆகவே மெயிலில் போனது 10. அதோடு "1.4க்கு மேற்பட்டவை நீர்த்து அளக்கப்பட்டன" என்ற நான்கு சொற்கள். மெயிலிலேயே மிகச் சிறந்த வரி அதுதான் என்பது என் கட்சி.

இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு. ஒரு வரியைச் சுட்டிக் காட்டினால் கண் அங்கேயே குத்திட்டு நிற்கும். பேராசிரியர் பெயரின் தலைப்பெழுத்து அந்த மெயிலில் தவறாக இருந்தது. நான் கவனிக்கவே இல்லை. அனுப்புவதற்குச் சற்று முன் அவருடைய அறைத்தோழி கண்டுபிடித்தார். பெயர், தேதி, இணைப்பு இவற்றையெல்லாம் பார்க்க வேதியியல் தெரிந்தவர் தேவையில்லை. அதைத் தோழியிடம் கொடுங்கள். சந்தேகத்தை எங்களிடம் கொடுங்கள்.

எங்களால் பதில் சொல்ல முடியாத சந்தேகங்களும் வரும். "அவர் பதில் போடுவாரா சார்?" எனக்கு எப்படித் தெரியும்? "என் மதிப்பெண் குறைவு, எழுதலாமா?" இது கேள்வியே இல்லை, தைரியம் கேட்பது. அதற்குத் தேநீர்க்கடைக்கு வாருங்கள், பேசலாம். ஏழு சந்தேகங்களை வரிசையாக எண்ணிட்டு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஏழில் மிக எளிதான இரண்டுக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு நான் தப்பித்துக்கொள்வேன். அனுபவத்தில் சொல்கிறேன். ஒரே மெயிலை மூன்று ஆசிரியர்களுக்கு அனுப்பி, மூன்று பேர் சொன்னதையும் சேர்த்து எழுதிய ஒரு மாணவரின் மெயிலையும் பார்த்திருக்கிறேன். முதல் பத்தியில் பணிவு, இரண்டாவதில் வீரம், மூன்றாவதில் மறுபடி பணிவு.

சரி, அந்த மாணவியின் மெயிலுக்கு என்ன ஆயிற்று? ஒன்பது நாள் கழித்து ஒரு வரிப் பதில் வந்தது. "ஃபுளூரைடு மின்முனையில் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? நீரில் அலுமினியம் இருந்தால் ஸ்பாட்ன்ஸ் முறை தவறாகக் காட்டலாமே?" பயிற்சி உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. நம் ஆய்வகத்தில் அந்த மின்முனை கிடையாது.

பத்து நிமிடத்தில் எனக்குச் செய்தி வந்தது, மூன்றே வரியில். "சார், ஒப்பிடவில்லை என்பதை அப்படியே எழுதப் போகிறேன். அதற்குப் பிறகு 'உங்கள் ஆய்வகத்தில் அந்தப் பத்து மாதிரிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன்' என்று சேர்க்கலாமா, அல்லது அதிகப்பிரசங்கித்தனமாக இருக்குமா? சேர்க்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது."

"சேர். ஆனால் 38ஐயும் என்று எழுது, குறைவாகக் காட்டியவற்றில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்" என்று பதில் அனுப்பிவிட்டு வகுப்புக்குப் போனேன்.