டீஃபால்ட் மாறும்போது ரிலீஸ் நோட்டில் என்ன எழுத வேண்டும்?

[திரையில் ஒரே வரி: "குப்பைத்தொட்டி செயல்பாடு மேம்படுத்தப்பட்டுள்ளது."]

ஃபைல்களைச் சேமித்து வைக்கும் ஒரு சர்வர் மென்பொருள். அதன் 4.0 பதிப்பின் ரிலீஸ் நோட்ஸில் இந்த வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் அட்மின், ஏதோ நல்லது செய்திருக்கிறார்கள் என்று அப்டேட்டைப் போட்டுவிடுவார்.

கோடில் நடந்த மாற்றம் வேறு. அழித்த ஃபைல்கள் இதுவரை குப்பைத்தொட்டியில் 90 நாள் இருந்தன, இனி 30 நாள்தான். அப்டேட் போட்ட அன்று இரவு 2 மணிக்கு, வழக்கமான துப்புரவு வேலை ஓடும். 30 நாளைத் தாண்டிய எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும். பேக்கப் இல்லாவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

இதற்கு எந்த எர்ரரும் வராது. சர்வர் நன்றாகவே ஓடும். இரண்டு மாதத்துக்கு முன் அழித்த ஃபைலை யாராவது தேடும் நாளில்தான் விஷயம் தெரியும். டீஃபால்ட் மதிப்பு மாறுவதை நான் ரிலீஸ் நோட்ஸின் மிக ஆபத்தான பகுதி என்று சொல்வது இதனால்தான். ஒரு வசதியை நீக்கினால் பயனர் உடனே கூச்சல் போடுவார். டீஃபால்ட் மாறினால் சத்தமே இருக்காது.

[திரையில்: கமிட் பட்டியல், அதில் ஒரு வரி `refactor trash cleanup`]

சரி, எழுதுபவருக்கு இது எப்படித் தெரியும்? கமிட் மெசேஜை நம்பினால் தெரியாது. டெவலப்பர் தான் செய்த வேலையை எழுதியிருக்கிறார், பயனருக்கு ஆகப்போவதை எழுதவில்லை. அதனால் டீஃபால்ட் மதிப்புகள் இருக்கும் ஃபைலை மட்டும் இரண்டு பதிப்புகளுக்கு இடையே ஒப்பிட்டுப் பாருங்கள்.

```
git diff v3.9.0 v4.0.0 -- config/defaults.ini

-trash_retention_days = 90
+trash_retention_days = 30
```

மாற்றம் கண்ணெதிரே வந்துவிட்டது. இப்போது டெவலப்பரிடம் போய்க் கேளுங்கள்: "அட்மின் தன் கான்ஃபிக் ஃபைலில் இந்த எண்ணைத் தானே எழுதி வைத்திருந்தால் என்ன ஆகும்?" அவர் எழுதிய எண்ணே நீடிக்கும் என்கிறார். அப்படியானால் பாதிக்கப்படுவது டீஃபால்ட்டை நம்பி விட்டுவிட்டவர்கள் மட்டும்.

தான் எந்தப் பக்கம் என்று பயனர் தெரிந்துகொள்ள ஒரு வழி கொடுக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பல மென்பொருள்களின் மாதிரி கான்ஃபிக் ஃபைலில் இந்த வரி ஏற்கெனவே இருக்கும், ஆனால் முன்னால் # போட்டு. # இருந்தால் அது வெறும் குறிப்பு, வேலை செய்யாது. ஃபைலைத் திறந்து பார்ப்பவர் "90 என்று இருக்கிறதே" என்று நிம்மதியாக மூடிவிடுவார். அதனால் தேடும் கமாண்டிலேயே # வரிகள் வராதபடி செய்துவிடுவது நல்லது.

இன்னொன்றும் கேளுங்கள். அப்டேட்டுக்கு முன்பே இந்த வரியைச் சேர்த்தால் பழைய 3.9 அதை ஏற்குமா? நம் உதாரணத்தில் ஏற்கும், ஏனென்றால் 3.9 பதிப்பிலும் இதே பெயர்தான். பெயரே புதிது என்றால், தெரியாத வரியைப் பார்த்துப் பழைய சர்வர் எழுந்திருக்க மறுக்கலாம். அப்போது வரிசை மாறும்: சர்வரை நிறுத்து, புதியதை நிறுவு, வரியைச் சேர், அப்புறம் சர்வரைத் தொடங்கு.

இப்போது எழுதலாம்.

[திரையில் முழுக் குறிப்பு]

அப்டேட்டுக்கு முன் செய்ய வேண்டியது: குப்பைத்தொட்டியின் காலம் 90 நாளிலிருந்து 30 நாளாகக் குறைகிறது

3.9 அல்லது அதற்கு முந்தைய பதிப்பிலிருந்து வருபவர்களுக்கு இது பொருந்தும். முதலில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
grep '^trash_retention_days' /etc/store/server.conf
```

ஒரு வரி வந்தால், அதில் உள்ள எண்ணே தொடரும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. எதுவும் வராவிட்டால், அப்டேட் செய்த பிறகு வரும் முதல் இரவு 2 மணிக்கு, குப்பைத்தொட்டியில் 30 நாளுக்கு மேல் இருக்கும் ஃபைல்கள் நிரந்தரமாக நீக்கப்படும். பழைய காலமே வேண்டும் என்றால், அப்டேட்டுக்கு முன் அந்த ஃபைலில் இந்த வரியைச் சேர்க்க வேண்டும்:

```
trash_retention_days = 90
```

ஏற்கெனவே அப்டேட் செய்துவிட்டீர்களா? 2 மணிக்கு முன் இதே வரியைச் சேர்த்து சர்வரை மறுபடி தொடங்குங்கள். நேரம் கடந்துவிட்டால் பேக்கப்பிலிருந்து மட்டுமே மீட்க முடியும்.

[திரையில்: தலைப்பு வரி மட்டும்]

தலைப்பைக் கவனியுங்கள். எப்போது செய்ய வேண்டும் என்பது முதலில் வருகிறது. "மேம்படுத்தப்பட்டுள்ளது" என்ற சொல் எங்கும் இல்லை, இரண்டு எண்கள் இருக்கின்றன. 30 நாள் என்று மட்டும் எழுதியிருந்தால், முன்பு எவ்வளவு என்று பயனருக்குத் தெரியாது, கவலைப்படவும் தோன்றாது.

தமிழில் எழுதும்போது வினைமுடிவிலும் கவனம் வேண்டும். "வரியைச் சேர்க்கலாம்" என்றால் விருப்பம் போல. "சேர்ப்பது பரிந்துரைக்கப்படுகிறது" என்றால் கட்டாயமா இல்லையா என்றே புரியாது. காலம் குறையக் கூடாது என்பவருக்கு இது கட்டாயம், அதனால் "சேர்க்க வேண்டும்".

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். பழையவற்றோடு ஒத்துப்போகாத மாற்றங்களைப் புதிய வசதிகளோடு கலக்காமல், அவற்றுக்கு முன்னாலேயே தனிப் பகுதியில் வைப்பார்கள். 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பில் பாஸ்வேர்டைச் சேமிக்கும் முறையின் டீஃபால்ட் `md5`-இலிருந்து `scram-sha-256` ஆக மாறியது. அந்த மாற்றமும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

[திரையில்: 3.7-இலிருந்து 4.2-க்கு ஓர் அம்புக்குறி]

எல்லோரும் ஒவ்வொரு பதிப்பாக ஏறி வருவதில்லை. 3.7-இலிருந்து நேராக 4.2-க்குத் தாவுபவர் 4.2-இன் குறிப்பை மட்டுமே படிப்பார். அதனால் 4.1, 4.2 குறிப்புகளின் தொடக்கத்திலும் "4.0-க்கு முந்தைய பதிப்பிலிருந்து வருகிறீர்களா?" என்று ஒரு வரி எழுதி, 4.0-இன் குறிப்புக்கு இணைப்பு கொடுங்கள்.

வெளியிடும் முன், இந்த மாற்றம் பற்றித் தெரியாத ஒருவரிடம் 3.9 ஓடும் சோதனை சர்வரைக் கொடுத்து, குறிப்பை மட்டும் பார்த்து அப்டேட் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் "இந்த ஃபைல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், அந்தப் பதிலை வாயால் சொல்லாமல் குறிப்பில் எழுதுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒருவரைக் காப்பாற்ற முடியாது: தானியங்கி அப்டேட் போட்டு வைத்திருப்பவர். அவர் குறிப்பைப் பார்க்கும் முன்பே இரவு 2 மணி கடந்திருக்கும். அதனால் திரும்பப் பெற முடியாத இழப்பு வரும் என்று எழுத நேர்ந்தால், அந்த வரைவை எடுத்துக்கொண்டு டெவலப்பரிடம் போங்கள். பழைய சர்வர்களில் 90 நாளையே விட்டுவிட்டு, புதிதாக நிறுவுபவர்களுக்கு மட்டும் 30 நாள் ஆக்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அது சின்ன வேலைதான். அவர் ஒப்புக்கொண்டால் அந்த நீண்ட குறிப்பு இப்படிச் சுருங்கிவிடும்.

[திரையில்: "புதிதாக நிறுவும் சர்வர்களில் குப்பைத்தொட்டியின் காலம் இனி 30 நாள் (முன்பு 90). ஏற்கெனவே ஓடும் சர்வர்களில் மாற்றம் இல்லை. நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை."]