செல் உப்புமா, சுருங்குமா?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு செல்லை ஏதோ ஒரு கரைசலில் போடுகிறோம். அது உப்புமா, சுருங்குமா? உள்ளே எவ்வளவு செறிவு, வெளியே எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பலரும் சட்டென்று விடை சொல்லிவிடுவார்கள். அந்த வழி எங்கே கவிழ்த்துவிடும் என்று பார்ப்போம்.

மனிதச் சிவப்பணுவையே எடுத்துக்கொள்வோம். அதற்குள் கரைந்துள்ள துகள்களின் செறிவு லிட்டருக்கு ஏறக்குறைய 300 மில்லிஆஸ்மோல். ஒரு லிட்டர் கரைசலில் 9 கிராம் உப்பு இருந்தால் அது 154 மில்லிமோல். உப்பு சோடியம், குளோரைடு என இரண்டாகப் பிரிவதால் துகள் கணக்கு 308. அதில் போட்ட சிவப்பணு உருமாறாமல் கிடக்கும்.

இப்போது உப்புக்குப் பதில் 300 மில்லிமோல் யூரியா. யூரியா பிரியாது, ஆகவே வெளியேயும் 300தான். ஆனால் சில நொடிகளில் செல்கள் வெடித்து, கலங்கலாக இருந்த சோதனைக்குழாய் தெளிந்த சிவப்பாகிவிடும்! காரணம், சிவப்பணுவின் சவ்வில் யூரியாவைக் கடத்தும் புரதம் உண்டு. யூரியா உள்ளே போகப் போக, நீரும் பின்னாலேயே போகிறது. எனவே கடைசிக் கன அளவைக் கணிக்க, சவ்வைக் கடக்க முடியாத கரைபொருளை மட்டும் எண்ண வேண்டும்.

இரண்டையும் கலந்து பார்ப்போமே. லிட்டருக்கு 4.5 கிராம் உப்பு, கூடவே 300 மில்லிமோல் யூரியா. மொத்தம் 454, உள்ளே இருப்பதைவிட அதிகம். செல் முதலில் சுருங்கத்தான் செய்யும், ஏனென்றால் யூரியா நுழைவதைவிட வேகமாக நீர் வெளியேறுகிறது. யூரியா இருபுறமும் சமமானதும் கணக்கில் நிற்பது உப்பின் 154 மட்டுமே. இனி நீர் உள்ளே வரும். 90 ஃபெம்டோலிட்டர் செல்லில் ஹீமோகுளோபின் முதலானவை பிடித்த 36 போக, நீர்ப்பகுதி 54. உள்ளே இருந்த 300 வெளியே உள்ள 154க்கு நீர்த்துப்போக வேண்டுமென்பதால், அது 54 × 300 ÷ 154, அதாவது 105 அளவுக்குப் பெருகும். கூட்டினால் 141. வெடிக்கும் எல்லை இதற்குச் சற்று மேலேதான் என்பதால், ஒரு பகுதிச் செல்கள் உடைந்தே போகும். முதல் நொடிகளை மட்டும் பார்த்தவர் ‘சுருங்கும்’ என்று எழுதியிருப்பார்.

இதில் அக்வாபோரினின் பங்கு என்ன? வேகம் மட்டுமே. அது நீர் போய்வரும் கால்வாய். திசையையும் கடைசி அளவையும் கரைபொருள்தான் தீர்மானிக்கிறது. அக்வாபோரின் இல்லாவிட்டாலும் கொழுப்புப் படலத்தின் வழியே நீர் மெல்லக் கசியும்.

1992இல் பீட்டர் ஆக்ரே குழுவினர் இதைத் தவளை முட்டைச் செல்லில் காட்டினார்கள். நன்னீரில் இடப்படும் முட்டை என்பதால் அதன் சவ்வு இயல்பிலேயே நீரை எளிதில் விடாது. சோதனைக்கு நல்ல தேர்வு. அக்வாபோரினுக்கான ஆர்.என்.ஏ.வை ஊசியால் செலுத்திய செல்களை 200இலிருந்து 70 மில்லிஆஸ்மோல் கரைசலுக்கு மாற்றியதும் சில நிமிடங்களில் உப்பி வெடித்தன. செலுத்தாதவை அதே நேரத்தில் கொஞ்சமே பருத்தன. பாதரசக் குளோரைடு சேர்த்தபோது கால்வாய் அடைபட்டு உப்பல் மந்தமானது. மெர்காப்டோஎத்தனால் ஊற்றிப் பாதரசத்தை அகற்றியதும் வேகம் திரும்பியது.