நான்கு மணி நேரக் கையிருப்பு
(அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறுதொழில் முனைவோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். 1997 பிப்ரவரி 1 அன்று விடியற்காலையில், ஜப்பானின் காரியா நகரில் ஐசின் சேக்கி நிறுவனத்தின் தொழிற்சாலை தீப்பிடித்தது. பின்சக்கர பிரேக்குக்குச் செல்லும் அழுத்தத்தைச் சீர்செய்யும் கையடக்கமான வால்வு அங்கே தயாரானது. டொயோட்டாவுக்குத் தேவையான அந்த வால்வுகளில் ஏறத்தாழ எல்லாமே அந்த ஒரே இடத்திலிருந்துதான் வந்தன; டொயோட்டாவிடம் இருந்ததோ சில மணி நேரத்துக்கான கையிருப்பு. சில நாட்களுக்குள் அதன் கார் உற்பத்தி பெரும்பாலும் நின்றுவிட்டது. பல நிறுவனங்கள் தங்கள் இயந்திரங்களை ஒதுக்கி அந்த வால்வைச் செய்து கொடுத்ததால்தான் ஒரு வாரத்துக்குள் நிலைமை ஓரளவு சீரானது.

தேவைப்படும் நேரத்துக்கு மட்டுமே பாகங்களை வரவழைத்து, சரக்கைச் சேர்க்காமல் நடத்தும் ‘ஜஸ்ட் இன் டைம்’ முறையை நான் குறை சொல்ல வரவில்லை. ஸ்டோர்ஸில் சரக்கு குவிந்தால் பணம் முடங்குகிறது, பழுதான பாகங்களும் குவியலுக்குள் மறைந்துகொள்கின்றன. ஆனால், சரக்கை வைத்திருக்கும் செலவு மாதந்தோறும் கணக்கில் தெரிகிறது. சரக்கு இல்லாததன் ஆபத்து, லைன் நிற்கும் நாள்வரை எந்தக் கணக்கிலும் தெரிவதில்லை.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு 600 அசெம்பிளி செய்யும் பட்டறையில் 40 ரூபாய் விலையுள்ள ஒரு ரப்பர் சீலைப் பத்து நாளுக்குச் சேர்த்து வைத்தால் முடங்கும் பணம் 2,40,000 ரூபாய். வட்டி, இடம், தேய்மானம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 20 சதவீதம் என்றால் செலவு 48,000 ரூபாய். ஒவ்வொரு அசெம்பிளியிலும் 500 ரூபாய் மிஞ்சுகிறது என்றால், சீல் இல்லாமல் லைன் ஒரு நாள் நிற்பதன் இழப்பு 3 லட்சம், அதாவது ஆறு ஆண்டுக்கும் மேலான வைப்புச் செலவு. (விலை குறைந்த பாகம்தானே என்று நாம் அலட்சியம் செய்வது பெரும்பாலும் இத்தகைய சீலைத்தான்.)

எல்லாப் பாகத்துக்கும் இப்படிச் சேர்க்க வேண்டியதில்லை. சப்ளையரின் ஆலை எரிந்தால், வேறிடத்திலிருந்து அந்தப் பாகம் வந்துசேர எத்தனை நாளாகும் என்று கேளுங்கள். அந்த நாட்களைவிடக் கையிருப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவுதான் நம் ஆபத்து. இரண்டு சப்ளையர்கள் இருக்கிறார்களே என்று நிம்மதி அடைவோரும் உண்டு. இருவரும் ஒரே வார்ப்படச் சாலையில் வார்ப்பு வாங்கினால், உண்மையில் நமக்கு இருப்பது ஒருவர்தான். டொயோட்டாவே 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, கிடைப்பதற்கு நீண்ட காலமாகும் சிப்களை மட்டும் சில மாதங்களுக்குச் சேர்த்து வைக்கும்படி சப்ளையர்களிடம் கேட்டுக்கொண்டது.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஷெட்டுக்குள் தண்ணீர் புகாதவர்களுக்கும் சாலை மூழ்கியதால் லாரி வரவில்லை. அந்தப் பத்து நாள் சீலை எங்கே வைக்கப் போகிறீர்கள்? சப்ளையரின் கிடங்கிலே வைத்தால் அது சாலைக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும். நம் ஷெட்டில் தரையோடு வைத்தால் நனைந்துவிடும். ஆகவே நம் ஷெட்டிலேயே, 2015-இல் தண்ணீர் நின்ற குறிக்கு மேலே உள்ள ரேக்கில் வையுங்கள்.