கண்ணாடி எங்கே தம்பி? பல்கனி ரெண்டரில் கண்ணாடித் தடுப்பும் ஸ்டீல் கைப்பிடியும்

[திரையில்: முதல் ரெண்டர், முழுப் படம்]

இது பண்டாரவளைப் பக்கம் கட்டிக்கொண்டிருக்கிற ஒரு விருந்தினர் விடுதியின் மாடிப் பல்கனி. அறைக்குள் நின்று வெளியே பார்க்கிறோம், எதிரே தேயிலை மலை, அதற்கு மேலே வெள்ளையாகப் பனி. பிளெண்டரில், சைக்கிள்ஸ் வைத்துச் செய்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் விடுதிக்காரர் கேட்ட ஒரே கேள்வி: "கண்ணாடி எங்கே தம்பி? வெறும் கம்பிதானே நிக்குது?"

கண்ணாடி இருக்கிறது. ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

அன்றைக்கு நான் செய்தது எல்லோரும் செய்கிற வேலைதான். IOR 1.5 இருந்ததை 2.2 ஆக்கினேன், நிறத்தில் கொஞ்சம் நீலம் கலந்தேன். கண்ணாடி தெரிந்தது, ஆனால் ஃபிரிட்ஜுக்குள் இருக்கிற பிளாஸ்டிக் தட்டை நிமிர்த்தி வைத்த மாதிரி. அப்புறம் ஹட்டனில் நண்பன் வீட்டுப் பல்கனியில் போய் நின்று பார்த்தேன். கண்ணாடிக்கு நேராக நின்றால் அது இல்லவே இல்லை. இரண்டு எட்டு ஓரமாகப் போய், தடுப்பின் நீளத்தோடு கண்ணை ஓட்டினால் அதே கண்ணாடியில் பாதி வானம் கிடக்கிறது.

[திரையில்: கோணத்துக்கு ஏற்ப பிரதிபலிப்பு கூடும் வரைபடம்]

காரணம் இதுதான். கண்ணாடியை நேராகப் பார்க்கும்போது ஒரு முகம் ஏறக்குறைய 4 சதவீத வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்பும். முன் முகம், பின் முகம் இரண்டையும் சேர்த்தால் 8. நேர்கோட்டிலிருந்து 60 பாகை சாய்ந்து பார்த்தால் மொத்தம் 16 சதவீதம் அளவில் வரும், 80 பாகையில் பாதியைத் தாண்டிவிடும். இத்தோடு இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளியே பனியின் வெளிச்சம் 100 என்றும், நமக்குப் பின்னால் இருக்கிற அறைச் சுவரின் வெளிச்சம் 3 என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 3இல் 8 சதவீதம் என்றால் கால் பங்கு கூட இல்லை. 100க்கு மேல் அது எப்படித் தெரியும்? ஆக, முதல் ரெண்டர் இயற்பியல்படி சரிதான். நான் கேமராவை வைத்த இடம்தான் தப்பு.

எனவே மெட்டீரியலை பழையபடி IOR 1.5, Roughness 0 என்று வைத்துவிட்டு கேமராவை இடது சுவரோரம் நகர்த்தினேன். இப்போது முன் தடுப்பு சாய்வாக ஓடுகிறது, கிட்டத்தில் தெளிவு, தூரம் போகப் போக வானம் ஏறிக்கொண்டே போகிறது. இந்த மாற்றம் ஒரே கண்ணாடிக்குள் நடப்பதைப் பார்த்தால்தான் கண் நம்புகிறது. சரி, பிரதிபலிக்க அங்கே ஏதாவது இருக்க வேண்டுமே? மலைப் படத்தை எதிரே ஒரு தட்டில் ஒட்டிவிட்டு மற்றப் பக்கங்களைக் காலியாக விட்டால் கண்ணாடியில் சாம்பல் நிறம்தான் வரும். நான் பக்கவாட்டிலும் வானம் உள்ள, பனிநாளில் எடுத்த HDRI ஒன்றைப் போட்டேன்.

[திரையில்: கண்ணாடியின் ஓரம், மிகக் கிட்டத்தில்]

அடுத்தது ஓரம். கண்ணாடி கண்ணாடியாகத் தெரிவதில் பாதி வேலையை இந்த ஓரம்தான் செய்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம். தடுப்புக்குப் போடுவது இரண்டு 6 மில்லிமீட்டர் கண்ணாடிகளை நடுவில் 1.52 மில்லிமீட்டர் படலம் வைத்து ஒட்டியது, மொத்தம் 13.52. தடிப்பில்லாத ஒற்றைத் தட்டாகச் செய்துவிட்டால் ஒளி உள்ளே போகும், ஆனால் வெளியே வராது. மலை முழுக்க ஒரு பெரிய கண்ணாடிக் கட்டிக்குள் கிடப்பது போல வளைந்துவிடும். Solidify போட்டு உண்மையான தடிப்பைக் கொடுங்கள், விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் Bevel வையுங்கள், அந்தச் சின்னச் சரிவில்தான் வெள்ளைக் கோடு மாதிரி ஒளி பிடிக்கும்.

ஓரத்தின் பச்சையை மேற்பரப்பில் பூசாதீர்கள். சாதாரணக் கண்ணாடியில் இருக்கிற இரும்பால் வருகிற பச்சை அது. நேராகப் பார்க்கும்போது ஒளி 13 மில்லிமீட்டரைத்தான் கடக்கிறது, ஓரத்தால் பார்த்தால் அரை மீட்டர் கூடக் கடக்கலாம். Volume சொக்கெட்டில் Volume Absorption, வெளிர் பச்சை நிறம் (0.55, 0.9, 0.75), Density 5. இந்த அளவில் நடுக் கண்ணாடி சிவப்பில் 3 சதவீதம் மட்டுமே இழக்கும், அரை மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். மொடல் மீட்டர் கணக்கில் சரியாக இருந்தால்தான் இது வேலை செய்யும். ஓரம் பச்சைக்குப் பதில் கறுப்பாக வந்தால் நிறத்தில் கை வைக்க வேண்டாம், உள்ளே முட்டி முட்டிப் போகிற ஒளிக்கு எண்ணிக்கை போதவில்லை என்று அர்த்தம். Light Paths பகுதியில் Transmission, Total இரண்டும் 12 இருக்கும், இரண்டையும் 24 ஆக்குங்கள்.

[திரையில்: நிழல், முன்னும் பின்னும்]

காலையில் பனி இறங்குவதற்கு முன் வெயில் அடிக்கும் காட்சியும் அவருக்கு வேண்டியிருந்தது. போட்டுப் பார்த்தால் தரையில் கண்ணாடியின் நிழல் பலகை மாதிரி இருட்டாக விழுகிறது. சைக்கிள்ஸ் நிழல் கணக்குப் பார்க்கும்போது கண்ணாடியைத் தடையாக எடுத்துக்கொள்வதுதான் காரணம். ஒரு Mix Shader, மேலே கண்ணாடி, கீழே Transparent BSDF, Factor இடத்தில் Light Path நோடின் Is Shadow Ray. Transparent நிறத்தை முழு வெள்ளையாக விடாமல் 0.92 கொடுங்கள். நிழல் கதிர் இரண்டு முகத்தையும் கடக்கும், இரண்டு தடவை பெருக்கினால் 0.85, நிஜத் தடிக் கண்ணாடி விடுகிற அளவுக்குக் கிட்ட வந்துவிடும்.

இன்னொன்று, பதப்படுத்திய கண்ணாடியில் பிரதிபலிப்பு லேசாக நெளியும், ஆனால் அதன் வழியே தெரிகிற மலை நெளியாது. Bump போட்டால் இரண்டும் சேர்ந்து நெளிந்து குளியலறை ஜன்னல் கண்ணாடி ஆகிவிடும். தட்டை நன்றாகப் பிரித்து, முதலில் Displace (Clouds, Strength 0.0003), அதற்குப் பிறகு Solidify. இரண்டு முகமும் ஒன்றாக நெளிவதால் மலை நேராகவே நிற்கும். வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

[திரையில்: கைப்பிடிக் குழாய்]

கைப்பிடி 50 மில்லிமீட்டர் உருண்டைக் குழாய். இதில் அதிக வேலை இல்லை. Metallic 1, நடுச்சாம்பல் நிறம், Roughness 0.25. உருண்டை என்பதால் சுற்றியிருக்கிற எல்லாம் ஒல்லிக் கோடுகளாகச் சுருங்கி வரும்: மேலே வானம், கீழே பல்கனித் தரையின் இருட்டு. அந்த இருட்டுக் கோடு இல்லை என்றால் குழாய் வெள்ளைப் பைப்பாகத்தான் தெரியும், ஆகவே கேமராவில் விழாவிட்டாலும் தரையை மொடல் செய்து வையுங்கள். தீட்டிய கோடுகள் நீளவாக்கில் ஓடினால் ஒளி குறுக்கே பரவும், Anisotropic 0.6 அளவில் போதும். கண்ணாடி கிளாம்புக்குள் நுழைகிற இடத்தில் ஸ்டீலோடு முட்டவிடாமல் ஒரு மில்லிமீட்டர் விட்டு கறுப்பு ரப்பர் வைத்தேன், முட்டினால் அங்கே கறுப்புப் புள்ளிகள் வரும்.

[திரையில்: கடைசி ரெண்டர்]

கடைசியாக, கைப்பிடிக்குக் கீழே ஆட்கள் கை வைக்கிற உயரத்தில் Roughnessஇல் மங்கலாக நாலைந்து விரல் தடங்கள். அனுப்பிய பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "இப்ப சரி தம்பி. ஆனா அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் துடைச்சு அனுப்ப ஏலுமா?"