கீழிமை துடிக்கும் நாட்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கண் மருத்துவரான என்னைப் பார்க்க வருகிறவர்களில் சிலர், நாற்காலியில் உட்காரும்போதே கீழிமையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்திருப்பார்கள். விரலை எடுக்கச் சொல்லி உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. "இவ்வளவு நேரம் துடித்துக்கொண்டுதான் இருந்தது, டாக்டர்" என்று தவித்துப் போவார்கள். அவர்கள் சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன். உடலிலேயே மிக மெல்லிய தோல் இமையின் தோல்தான். அதற்கடியில் கண்ணைச் சுற்றி வளையமாக ஒரு தசை ஓடுகிறது. அந்தத் தசையின் ஒரு சில இழைகள் மட்டும் தாமாகச் சுருங்கி விரிந்தால் போதும், உள்ளே புழு நெளிவது போல அவருக்குத் தெரியும். எதிரில் இருப்பவர் கண்ணுக்கு அது எட்டுவதே அரிது.

அண்மையில் நாற்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவர் வந்தார். அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை திருத்துவது அவர் வேலை. இடது கீழிமை ஒன்பது நாட்களாகத் துடிக்கிறது என்றார். ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் துடித்து அடங்கும், கால் மணி நேரம் கழித்து மறுபடி வரும். வலியில்லை, பார்வையும் மங்கவில்லை. ஆனால் இது பக்கவாதத்தின் தொடக்கமோ என்ற பயத்தில் இரண்டு இரவுகள் தூங்கவில்லை.

முதலில் அந்தப் பயத்தைப் போக்க வேண்டியிருந்தது. பக்கவாதம் வந்தால் முகத் தசை பலமிழக்கும். வாய் திடீரென ஒரு பக்கம் கோணும், கை தளரும், பேச்சு குழறும். அப்படி நேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இவருக்கோ தசையின் பலம் குறையவே இல்லை, ஒரு மூலையில் சில இழைகள் தேவையில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தன, அவ்வளவுதான். கண்களை இறுக மூடச் சொன்னேன், பல்லைக் காட்டச் சொன்னேன், கன்னத்தை உப்பச் சொன்னேன். இரு பக்கமும் ஒரே மாதிரி இயங்கின. பிறகு இரண்டு நிமிடம் பேசாமல் அவர் முகத்தையே பார்த்திருந்தேன். இமை துடித்தபோது கன்னமும் வாயோரமும் அசையவில்லை. நான் தேடியது அதைத்தான்.

அடுத்து அவருடைய ஒரு நாளைப் பற்றிக் கேட்டேன். ஒரு புத்தகத்தை முடித்துக் கொடுக்க வேண்டிய நெருக்கடியில், மூன்று வாரங்களாக இரவு ஒன்றரை மணிக்குத்தான் படுக்கிறார், காலை ஆறு மணிக்கு எழுகிறார். தூக்கம் வராமல் இருக்கக் காபி. நாளொன்றுக்கு எத்தனை என்று கேட்டதற்கு "இரண்டு மூன்று" என்றார். காலையிலிருந்து வரிசையாக எண்ணிப் பார்க்கச் சொன்னதும் நான்கு காபியும் இரண்டு தேநீரும் ஆயின. ஒரு கோப்பைக் காபியில் ஏறக்குறைய 80 முதல் 100 மில்லிகிராம் காஃபீன் இருக்கும், தேநீரில் அதில் பாதி. அவர் கணக்கு 450 மில்லிகிராமைத் தொட்டது. உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை தீங்கில்லை என்று சொல்லப்படுகிறது. கருவுற்றிருப்பவர்களுக்கு அந்த அளவு 200.

அளவைவிட நேரம்தான் எனக்கு உறுத்தியது. அவருடைய கடைசிக் காபி இரவு எட்டு மணிக்கு. குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டு வெளியேறச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே அவர் படுக்கும்போது அந்தக் கோப்பையில் பாதி இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். தூக்கம் ஆழமாகாது, காலையில் சோர்வு தீராது, சோர்வைப் போக்க மறுபடி காபி. களைப்பு, காபி, கண்ணுக்கு ஓயாத வேலை என்று காரணங்களைத் தனித்தனியாகப் படித்துவிட்டு, இவற்றில் எது நம்முடையது என்று பலர் தேடுகிறார்கள். என் அனுபவத்தில் இவை தனித்தனியாக வருவதே குறைவு. ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டுதான் வருகிறது.

கண்ணைப் பரிசோதித்தபோது மூன்றாவது காரணமும் கிடைத்தது. நாம் இயல்பாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை போல இமைக்கிறோம். திரையில் எழுத்துகளைக் கூர்ந்து பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கண்ணீர்ப் படலம் பத்து விநாடியாவது உடையாமல் நிற்க வேண்டும். இவருக்கு நான்கு விநாடியிலேயே உடைந்தது. அதோடு பக்கத்தில் வைத்துப் படிக்கக் கண்ணாடி தேவைப்படும் வயதும் வந்திருந்தது. அவர் அணியவில்லை. எழுத்து மங்கும்போதெல்லாம் இமையைச் சுருக்கிச் சுருக்கிப் படித்திருக்கிறார். துடிக்கிற தசையையே நாள் முழுவதும் வேலை வாங்கியிருக்கிறார்.

காபியை அன்றே நிறுத்திவிடுகிறேன் என்று அவர் சொன்னபோது நான் தடுத்தேன். தினமும் குடித்துப் பழகியவர் ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாளே தலைவலி வரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு கோப்பை வீதம் குறைத்துக்கொண்டே வரச் சொன்னேன், நண்பகலுக்குப் பிறகு வேண்டாம் என்றேன். படிக்கக் கண்ணாடி எழுதிக் கொடுத்தேன். கண்ணீருக்கு மாற்றான சொட்டு மருந்தை நாளுக்கு நான்கு முறை விடச் சொன்னேன். சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து இதற்கு உதவாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரையை விட்டு இருபது அடிக்கு அப்பால் இருபது விநாடி பார்த்து, நன்றாக இமைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். துடிக்கிற நேரத்தில் வெதுவெதுப்பான ஈரத்துணியை மூடிய இமை மேல் ஐந்து நிமிடம் வைத்தால் சற்று இதமாக இருக்கும். மக்னீசியம் மாத்திரை எடுக்கலாமா என்றும் கேட்டார். இமைத் துடிப்பை அது நிறுத்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது கெடுதலும் செய்யும்.

ஐந்தாம் நாள் துடிப்பு நாளுக்கு நான்கைந்து முறையாகக் குறைந்தது. பன்னிரண்டாம் நாள் நின்றது. சில நாள் முதல் சில வாரம் வரை நீடிப்பது வழக்கம், சிலருக்கு மூன்று மாதம் வரை விட்டு விட்டு வருவதும் உண்டு. அடுத்த புத்தக நெருக்கடியில் அவருக்கும் இரண்டு நாள் திரும்ப வந்தது. இம்முறை அவர் பயப்படவில்லை. கடைசிக் காபி எப்போது குடித்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாராம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். துடிப்பு இமையைத் தாண்டிக் கன்னத்துக்கோ வாயோரத்துக்கோ பரவினால் போங்கள். முகத்தசைகளை இயக்கும் நரம்பை, மூளைத்தண்டிலிருந்து அது புறப்படும் இடத்தில், இரத்தக்குழாய் ஒன்று அழுத்துவதால் அப்படி ஆகலாம். அது தூக்கத்திலும் நிற்காது. இரு கண்களும் தாமாக இறுக மூடிக்கொண்டு, வெளிச்சத்தில் இன்னும் அதிகமானால் அது வேறு நோய். பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல் வருவது. இமை தொங்கினாலும், பொருட்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலும், கண் சிவந்து வலித்தாலும் காத்திருக்க வேண்டாம். இவை எதுவுமில்லாமல் ஒரே இடத்தில் மூன்று வாரத்துக்கு மேல் ஓயாமல் துடித்தாலும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

போகும்போது, துடிக்கிற நேரத்தில் முகம் முழுவதும் தெரியும்படி அரை நிமிடம் கைபேசியில் படம் பிடித்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முன் உட்கார்ந்ததும் அடங்கிப்போகிற துடிப்பு அதில் பதிந்திருக்கும். கன்னம் அசைகிறதா இல்லையா என்று பார்க்க எங்களுக்கு அதுவே போதும்.

வணக்கம்.